ரூம் காலி செய்த பிறகும் கார்டில் நிற்கும் பணம்: இரட்டைப் பற்று போலத் தெரிவது எது, அது எப்போது விடும்

கும்பகோணத்தில் ஒரு முகூர்த்தம். வேதாரண்யத்திலிருந்து வரும் குடும்பம் இரண்டு அறை எடுத்து இரண்டு இரவு தங்குகிறது. வெள்ளிக்கிழமை மாலை அறைச்சாவி கொடுப்பதற்கு முன் வரவேற்பு மேசையில் கிரெடிட் கார்டை வாங்கி மெஷினில் செருகி, பின் நம்பர் போடச் சொல்கிறார்கள். 15,000 ரூபாய்க்கு எஸ்எம்எஸ் வருகிறது. ஞாயிறு காலை கணக்கு முடிக்கும்போது மறுபடியும் கார்டு, மறுபடியும் பின் நம்பர். இந்தத் தடவை 13,860 ரூபாய். காரில் ஏறி ஆப்பைத் திறந்து பார்த்தால், 60,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் 31,140 ரூபாய்தான் மிச்சம். பில் 13,860 ரூபாய். குறைந்திருப்பதோ 28,860 ரூபாய். "ரெண்டு தடவை எடுத்துட்டாங்க" என்று யாருக்கும் தோன்றும்.

விடுதிக்கு போன் போட்டால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "சார், வெள்ளிக்கிழமை நாங்க பிளாக் மட்டும்தான் பண்ணோம், எடுக்கல. அது தானா ரிலீஸ் ஆயிடும்." பதிலின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அரைகுறை. தானாக விடும் என்பது உண்மைதான், ஆனால் எத்தனை நாளில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒழுங்காகச் செய்திருந்தால் அது நிற்கவே வேண்டியதில்லை.

கேட்பது வேறு, எடுப்பது வேறு

கார்டைத் தேய்த்ததும் கடைக்காரர் கணக்குக்குப் பணம் போய்விடுகிறது என்றுதான் நினைக்கிறோம். அந்த நொடியில் நடப்பது ஒரு கேள்வியும் பதிலும் மட்டுமே. மெஷின், அதைக் கொடுத்த வங்கி வழியாக, விசா அல்லது மாஸ்டர்கார்டு அல்லது ரூபே வலையமைப்பில் ஏறி, கார்டு தந்த வங்கியைக் கேட்கிறது: இந்த கார்டில் இவ்வளவு இருக்கிறதா, ஒதுக்கி வைக்க முடியுமா? கார்டு வங்கி சரி என்றால் ஆறு எழுத்தில் ஓர் ஒப்புதல் குறியீடு அனுப்பும். ஸ்லிப்பில் APPR CODE அல்லது AUTH CODE என்ற இடத்தில் இருப்பது அதுதான். பதில் அனுப்பிய கையோடு வங்கி அந்தத் தொகையை நம் வரம்பிலிருந்து ஒதுக்கிவிடுகிறது. எஸ்எம்எஸ் புறப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். பணம் இன்னும் நகரவில்லை.

எடுப்பது இரண்டாவது கட்டம். அன்றைய விற்பனையை எல்லாம் மெஷின் ஒரு கட்டாக அனுப்புகிறது. பேட்ச் செட்டில்மென்ட் என்று கவுண்டரில் சொல்வார்கள். பெரும்பாலும் இரவில் நடக்கும். அந்தக் கட்டு வலையமைப்பு வழியே கார்டு வங்கிக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள், சில நேரம் மூன்று நாள் ஆகும். வந்ததும் வங்கி அதை முன்பு ஒதுக்கி வைத்ததோடு பொருத்திப் பார்க்கிறது. பொருந்தினால் ஒதுக்கீடு கரைந்து, அதே இடத்தில் நிஜமான பற்று உட்காரும். மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் இது நடப்பதே நமக்குத் தெரியாது. கேட்ட தொகையும் எடுத்த தொகையும் ஒன்று, இடைவெளியும் குறைவு.

விடுதியில் இந்த இரண்டு கட்டமும் பிரிந்து நிற்கின்றன. வெள்ளிக்கிழமை வரும்போது ஞாயிற்றுக்கிழமை பில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடுதி ஓர் உத்தேசத் தொகையைக் கேட்டு வைத்துக்கொள்கிறது. நம் உதாரணத்தில் அறை வாடகை நாளுக்கு 3,000. இரண்டு அறை, இரண்டு இரவு, ஆக 12,000. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 600. மொத்தம் 12,600. சாப்பாடு, சலவை, ஏதாவது உடைந்தால் என்று 2,400 சேர்த்து 15,000 ஆகப் பிளாக் செய்திருக்கிறார்கள். மெஷினில் இதற்கென்றே தனி மெனு உண்டு. அதில் போட்டால் ஸ்லிப்பின் தலையில் PRE-AUTH என்று அச்சாகும். பொருள் விற்கும்போது வருவது SALE. இந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே கேட்டிருக்கிறார்களா, எடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க வேண்டியது

இறுதிப் பில்லில் அறைக்கு 12,600; சாப்பாடு 1,200, அதற்கு ஜிஎஸ்டி 60. மொத்தம் 13,860. இப்போது கவுண்டரில் இருப்பவர் புதிதாகக் கார்டு கேட்கவே வேண்டியதில்லை. மெஷினில் PRE-AUTH COMPLETION அல்லது SALE COMPLETION என்ற மெனுவுக்குப் போய், வெள்ளிக்கிழமை ஸ்லிப்பிலுள்ள ஒப்புதல் குறியீட்டையும் 13,860 என்ற தொகையையும் போட்டால் போதும். சில மெஷின்களில் கார்டையும் ஒரு தடவை செருகச் சொல்லும். பழைய குறியீட்டோடு போவதால், கார்டு வங்கி 15,000 ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு 13,860 பற்று வைக்கும். வரம்பில் 46,140 மிச்சம் காட்டும்.

ஆனால் நடந்தது என்ன? கவுண்டரில் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். கல்யாணத்துக்கு வந்த இருபது குடும்பமும் ஒரே நேரத்தில் சாவியை நீட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வேலையில் இருந்தவர் இப்போது இல்லை. பழைய ஸ்லிப்பைத் தேடி எடுத்துக் குறியீட்டைப் போடுவதைவிட, SALE அழுத்தி 13,860 போட்டுக் கார்டை வாங்குவது சுலபம். பணம் வந்துவிட்டது, விடுதிக்கு எந்தக் குறையும் இல்லை. கார்டு வங்கியின் கண்ணுக்கு மட்டும் இது இரண்டு தனித்தனி விஷயம்: ஒரு விடுதி 15,000 ஒதுக்கச் சொன்னது, அதே விடுதி வேறொரு குறியீட்டில் 13,860 விற்றது. இரண்டையும் இணைக்க வங்கியிடம் எதுவும் இல்லை. அந்த 15,000 ரூபாயைக் கேட்டு விடுதி இன்னும் வரக்கூடும் என்று அது காத்திருக்கிறது. காத்திருப்பதுதான் அதன் கடமையும்கூட.

இன்னொரு வடிவம் இப்போது அதிகம். வரும்போது கார்டில் பிளாக் செய்கிறார்கள். போகும்போது விருந்தினரே "ஜிபே பண்ணிடறேன்" என்று க்யூஆரை ஸ்கேன் செய்துவிடுகிறார். அல்லது மாமா இடையில் புகுந்து ரொக்கமாகக் கட்டிவிடுகிறார். பணம் வேறு வழியில் போனதால் பழைய பிளாக்கை யாரும் தொடுவதில்லை. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. கார்டில் 15,000 நிற்கிறது, வங்கிக் கணக்கிலிருந்து 13,860 போயிருக்கிறது.

மூன்றாவது வகையில், கவுண்டரில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். COMPLETION போட்டிருப்பார்கள். ஆனால் குறியீட்டில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஓவும் சுழியமும் குழம்புவது சகஜம். பற்று வந்து உட்காரும், ஒதுக்கீடு பொருந்தாமல் தனியே நிற்கும். இறுதிப் பில் பிளாக் செய்ததைவிடக் குறைவாக இருப்பதால் எஞ்சிய 1,140 மட்டும் சில நாள் தொங்குவதும் உண்டு. ஒதுக்கீட்டை முழுதாக விடுவிப்பதா, பயன்பட்ட அளவு மட்டும் கழிப்பதா என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

எத்தனை நாள்?

விடுதி ரத்து செய்தி அனுப்பினால் சில நிமிடத்திலிருந்து ஓரிரு வேலை நாளுக்குள் விடும். இதுதான் வேகமான வழி. அந்தச் செய்தி போகாவிட்டால், ஒப்புதலின் ஆயுள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். சாதாரணக் கடை விற்பனை ஒப்புதலுக்கு ஆயுள் சில நாள்தான். விடுதி, வாடகைக் கார் போன்ற தொழில்களின் முன்ஒப்புதலுக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகள் 30 நாள் வரை இடம் தருகின்றன. விருந்தினர் மூன்று வாரம் தங்கினாலும் பிளாக் செல்ல வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. இரண்டு நாள் தங்கியவருக்கும் அதே 30 நாள்தான் பொருந்துகிறது. கார்டு வங்கி தன் கணக்கில் அதற்கு முன்பே, ஏழு பத்து நாளில், விட்டுவிடலாம். எல்லா வங்கியும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே "ஒரு வாரம் பாருங்க" என்று கவுண்டரில் சொல்வது ஊகம். மோசமான நிலையில் ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஒதுக்கீடு விட்டுப்போனதாலேயே பில் அடைந்துவிட்டது என்று ஆகாது. SALE போடாமல் PRE-AUTH மட்டும் போட்டுவிட்டு, விடுதி COMPLETION அனுப்பத் தாமதித்தால், பத்தாம் நாள் வரம்பு திரும்ப வந்ததுபோல் காட்டும். பணம் திரும்பி வந்துவிட்டது என்று செலவழித்த பிறகு பன்னிரண்டாம் நாள் 13,860 வந்து நிற்கும். ஸ்லிப்புகளைக் கையில் வைத்திருந்தால் இது முன்கூட்டியே தெரியும்.

டெபிட் கார்டில் வலி அதிகம்

கிரெடிட் கார்டில் நின்றது வரம்பு மட்டும். பில் தேதியில் 15,000 வராது, வட்டியும் ஏறாது. பிரித்துப் பார்ப்பதும் எளிது: ஆப்பில் மிச்ச வரம்பு குறைந்திருக்கும், ஆனால் பில்லில் ஏறிய வரிகளில் 13,860 மட்டுமே இருக்கும். பில்லில் ஏறாமல் வரம்பை மட்டும் தின்றுகொண்டிருப்பது பிடித்து வைத்தது. இரண்டும் பில்லில் ஏறிவிட்டால் அது நிஜமான இரட்டைப் பற்று.

சேமிப்புக் கணக்கோடு சேர்ந்த டெபிட் கார்டில் நிற்பது நம் சொந்தப் பணம். சில வங்கிகள் அதை Lien அல்லது Hold என்ற தலைப்பில் காட்டும். கணக்கில் மொத்த இருப்பு ஒரு எண், எடுக்கக்கூடிய இருப்பு வேறு எண் என்று இருக்கும். சில வங்கிகள் ஒதுக்கிய நொடியிலேயே அதைப் பற்றாகவே பதிந்துவிடும். பாஸ்புக்கில் பற்று வரியாக அச்சாகி, பிறகு ஒரு நாள் வரவு வரியாகத் திரும்பும். பாஸ்புக்கைப் பார்ப்பவருக்கு இது எடுத்ததேபோலத்தான் தெரியும். அங்கே நம்ப வேண்டியது பாஸ்புக்கை அல்ல, ஸ்லிப்பை.

அதோடு பல டெபிட் கார்டுகள் முன்ஒப்புதலை ஏற்பதே இல்லை. அப்போது விடுதி 15,000 ரூபாயை SALE ஆகவே எடுத்துக்கொண்டு, போகும்போது மிச்சத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லும். இது பிளாக் அல்ல, அட்வான்ஸ். எஞ்சும் 1,140 ரீஃபண்டாக வரும். ரீஃபண்ட் என்பது எதிர்த்திசையில் போகும் புதிய பரிவர்த்தனை; விடுதியின் வங்கி, வலையமைப்பு, நம் வங்கி என்று அதே படிகளை ஏறி இறங்கி வர ஒரு வாரம் ஆவது சாதாரணம். ஆகவே டெபிட் கார்டை நீட்டுமுன் ஒரே ஒரு கேள்வி: "பிளாக்கா, எடுக்கறீங்களா?" எடுப்பதென்றால், மிச்சத்தைப் போகும்போது ரொக்கமாகத் தருவார்களா என்றும் அப்போதே பேசிவிடலாம்.

பெரிய ஆபத்து மாதத் தவணை. நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக்கான பணம் வந்து விழும் கணக்கும், டிராக்டர் தவணை பிடிக்கும் கணக்கும், இந்த டெபிட் கார்டின் கணக்கும் டெல்டாவில் பல வீடுகளில் ஒன்றே. வெள்ளிக்கிழமை 15,000 நிற்கிறது. திங்கட்கிழமை தவணை வருகிறது. மொத்த இருப்பில் பணம் இருந்தும் எடுக்கக்கூடிய இருப்பில் இல்லை என்று தவணை திரும்புகிறது. திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். 15,000 பிறகு வந்துவிடும், அந்தக் கட்டணங்கள் தானாக வராது. கல்யாணத்துக்கு ரூம் போடுகிறவர்கள் தவணை பிடிக்கும் கணக்கின் கார்டை விடுதி மேசையில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

விடுவிக்க என்ன செய்வது

வந்த அன்றே PRE-AUTH ஸ்லிப்பின் வாடிக்கையாளர் படியை வாங்கி போட்டோ எடுத்து வையுங்கள். அது வெப்பத்தாள், காரின் டாஷ்போர்டில் ஒரு மதியம் கிடந்தாலே கறுத்துப்போகும். போட்டோவில் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: தேதி, தொகை, ஒப்புதல் குறியீடு, TID என்ற மெஷின் எண். RRN என்று பன்னிரண்டு இலக்க எண் இருந்தால் அதுவும்.

காலி செய்யும்போது அந்தப் போட்டோவைக் காட்டி, "இந்த பிளாக்கையே கம்ப்ளீஷன் போடுங்க, புதுசா ஸ்வைப் வேண்டாம்" என்று கேட்க வேண்டும். யூபிஐயிலோ ரொக்கமாகவோ கட்டுவதென்றால், பணம் கட்டும் முன்பே பிளாக்கை ரத்து செய்யச் சொல்லி, ரத்தான ஸ்லிப்பைக் கையில் வாங்குங்கள். அதில் PRE-AUTH CANCEL அல்லது VOID என்று இருக்கும். SALE ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றாலும் பழைய பிளாக்கை அங்கேயே ரத்து செய்யலாம். பழைய ஸ்லிப் இருந்தால் ஒரு நிமிட வேலை.

வீடு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், முதல் போன் விடுதிக்கு, வங்கிக்கு அல்ல. வங்கி உதவ மறுக்கிறது என்பதால் அல்ல. ஒதுக்கீடு விடுதியின் பெயரில் இருக்கிறது, அதை விடுவிக்கும் உரிமையும் விடுதியிடம்தான். வங்கியே விடுவிக்க வேண்டுமானால் பொதுவாக விடுதியின் கடிதமோ மின்னஞ்சலோ கேட்கும்: இந்தத் தேதியில், இந்தக் குறியீட்டில், இந்தக் கடைசி நான்கு இலக்கக் கார்டில் பிடித்த இவ்வளவு தொகை எங்களுக்குத் தேவையில்லை, விடுவிக்கலாம் என்று. இரண்டு வரிதான். கணக்குப் பிரிவில் ஆள் இருக்கும் வேலை நாளில் கேட்டால் அன்றே எழுதித் தருவார்கள்.

வங்கி வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது சொல் முக்கியம். "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் மோசடி என்று பதிந்து கார்டையே முடக்கிவிடுவார். புதிய கார்டு வர ஒரு வாரம். பிளாக் அப்படியே நிற்கும். "விடுதி முன்ஒப்புதல், பில் தனியாக அடைந்துவிட்டது, ஒதுக்கீட்டை விடுவிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சர்ச்சைப் புகார் இந்தக் கட்டத்தில் உதவாது. பணம் எடுக்கப்பட்ட பரிவர்த்தனையைத்தான் அப்படித் திரும்பக் கேட்க முடியும். பிளாக் நிற்கும் கோபத்தில் நேர்மையான 13,860 மீது சர்ச்சை போடுவதும் சிலர் செய்வது. விடுதி ஸ்லிப்பைக் காட்டி ஜெயிக்கும், சிக்கல் இரண்டாகும். 15,000 நிஜமாகவே பில்லில் ஏறிவிட்டால் அப்போது சர்ச்சை சரி. வங்கி எழுத்துப் புகாருக்கு 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

பங்க்கில் வரும் இரண்டு எஸ்எம்எஸ் வேறு ரகம்

நாகப்பட்டினத்திலோ மன்னார்குடியிலோ பெட்ரோல் பங்க்கில் பிளாக் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. ஊழியர் எண்ணெய் போட்டு முடித்து, மீட்டரில் காட்டும் தொகையைத்தான் மெஷினில் அடிக்கிறார். உத்தேசத் தொகை இல்லை, ஆகவே முன்ஒப்புதலும் தேவையில்லை. அங்கே இரண்டு எஸ்எம்எஸ் வந்தால் காரணம் வேறு.

வழக்கமாக நடப்பது இது. 1,500 ரூபாய்க்கு கார்டு போடுகிறோம். கேள்வி வங்கிக்குப் போய்விட்டது, வங்கி சரி என்று ஒதுக்கிவிட்டது, எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. பதில் மட்டும் சிக்னல் கோளாறில் மெஷினுக்குத் திரும்பவில்லை. திரையில் நேரம் கடந்தது என்று வரும், ஸ்லிப் வராது. ஊழியர் "போகல சார், இன்னொரு தடவ போடுங்க" என்கிறார். இரண்டாவது தடவை ஸ்லிப் வருகிறது. முதல் 1,500 அந்தரத்தில் நிற்கிறது. மெஷினுக்கு இணைப்பு திரும்பியதும் அதுவே ரத்து செய்தியை அனுப்பும்படி அமைப்பு உண்டு. அது போய்ச் சேர்ந்தால் அன்றே விட்டுவிடும். சேரவில்லை என்றால் இரண்டு வங்கிகளும் கணக்கை ஒப்பிடும்போது பிடிபடும்.

விடுதி பிளாக்குக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இங்கே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று தந்த சுற்றறிக்கைப்படி, கணக்கில் பற்று ஆகி, கடையில் உறுதிச் செய்தி வராமல், ஸ்லிப் அச்சாகாமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் புகார் தரக் காத்திருக்காமல் வங்கியே வரவு வைக்க வேண்டும். இங்கே எண்ணுவது காலண்டர் நாள். 3ஆம் தேதி போன 1,500, 8ஆம் தேதிக்குள் வர வேண்டும். 12ஆம் தேதி வந்தால் நான்கு நாளுக்கு 400 ரூபாய் சேர்ந்து வர வேண்டும். விடுதியின் பிளாக் தோல்வியுற்ற பரிவர்த்தனை அல்ல, வெற்றிகரமாக ஒதுக்கிய தொகை. அதனால்தான் அதற்கு இந்த ஐந்து நாளும் நூறு ரூபாயும் பொருந்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல் வங்கியோடு வாதாடி நேரம் போக்குகிறவர்கள் நிறைய.

பங்க்கில் இரண்டு தடவையும் SALE ஸ்லிப் வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. இரண்டும் வெற்றி, தானாக எதுவும் திரும்பாது. அந்த மெஷினின் பேட்ச் அன்றிரவு போவதற்குள் ஒன்றை VOID செய்யச் சொன்னால் பணம் நகராமலேயே நின்றுவிடும். மறுநாள் கேட்டால் ரீஃபண்ட்தான், அதற்கு நாளாகும். ஆகவே எண்ணெய் போட்ட இடத்தைவிட்டு நகரும் முன் கையில் எத்தனை ஸ்லிப் என்று எண்ணிப் பாருங்கள். எஸ்எம்எஸ் இரண்டு, ஸ்லிப் ஒன்று என்றால் ஐந்து நாள் பொறுக்கலாம். ஸ்லிப்பும் இரண்டு என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் எண்ணெய் போட்டவர்கள் பில்லில் 1,500 ரூபாயோடு சிறு தொகை ஒன்றையும் பார்க்கலாம். எரிபொருள் கூடுதல் கட்டணம், வழக்கமாக 1 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும். பல கார்டுகளில் குறிப்பிட்ட வரம்புக்குள் போட்டால் அதைத் தனி வரவு வரியாகத் திருப்பித் தருவார்கள். அது இரட்டைப் பற்றும் அல்ல, பிளாக்கும் அல்ல.

பங்க்கில் அசலான பிளாக்கைப் பார்க்க வேண்டுமானால் தானே எண்ணெய் போட்டுக்கொள்ளும் நாடுகளுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் டெல்டாவாசிகள் அங்கே இதைச் சந்திக்கிறார்கள். கார்டைப் பம்பில் செருகும்போது எத்தனை காலன் பிடிக்கும் என்று பம்புக்குத் தெரியாது. அதனால் பெரிய தொகை ஒன்றுக்கு ஒப்புதல் கேட்கிறது. 2022இல் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே இந்த உச்சவரம்பை 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. 40 டாலருக்கு எண்ணெய் போட்டாலும் 175 டாலருக்கு எஸ்எம்எஸ் வருவது இதனால்தான். பம்பு சரியான தொகையை உடனே அனுப்பினால் சில மணி நேரத்தில் சரியாகும். கார்டு வங்கி அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் சில நாள் நிற்கும். பம்பில் போடாமல் உள்ளே காசாளரிடம் போய் "40 டாலருக்கு" என்று முன்கூட்டியே சொன்னால் 40 டாலருக்கு மட்டும்தான் ஒப்புதல் போகும். அங்குள்ள பம்புகள் பல இந்தியக் கார்டுக்குத் தெரியாத அஞ்சல் குறியீட்டைக் கேட்டு மறுப்பதால் எப்படியும் உள்ளேதான் போக வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு பிளாக்கை ரூபாயில் சரிபார்க்கும்போது தொகை அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒதுக்கியது அன்றைய மாற்று விகிதத்தில். பற்று ஏறுவது இரண்டு மூன்று நாள் கழித்த விகிதத்தில், அதோடு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். 40 டாலருக்கு ஒதுக்கியதற்கும் 40 டாலருக்குப் பற்றானதற்கும் சில பத்து ரூபாய் வித்தியாசம் இருந்தால் அது ஒரே பரிவர்த்தனைதான். டாலர் தொகையையும் பங்க்கின் பெயரையும் வைத்துப் பொருத்திப் பாருங்கள், ரூபாயை வைத்து அல்ல.